பெருநாள் தொழுகைக்கு அப்பார்ட்மென்ட் ஹாலைக் கேட்பது எப்படி?

வாசகர் கேள்வி:

வணக்கம் ஐயா. கோவை சரவணம்பட்டி பக்கம் 84 வீடுகள் உள்ள அப்பார்ட்மென்ட்டில் குடியிருக்கிறோம். வீடு என் மனைவி பெயரில் இருக்கிறது. எங்களையும் சேர்த்து ஒன்பது முஸ்லிம் குடும்பங்கள். என் அம்மாவுக்கு வீல்சேர்தான். இன்னும் மூன்று வீடுகளிலும் இப்படிப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஈத்கா மைதானத்துக்கோ பள்ளிவாசலுக்கோ அவர்களைக் கூட்டிப்போக முடியவில்லை. ரம்ஜான் பெருநாள் தொழுகையை மட்டும் கீழே பொது ஹாலில் வைத்துக்கொள்ளலாமா என்று போன வருஷம் செயலாளரிடம் கேட்டேன். “தாராளமா பண்ணுங்க” என்றார். முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆட்சேபித்தார். ஓட்டு வைத்தார்கள். “இந்த வருசம் வேண்டாங்க” என்று முடித்துவிட்டார்கள். அதே ஹாலில் விநாயகர் சதுர்த்தியும் ஓணமும் நடக்கின்றன. இந்த முறை எழுதியே கேட்கப் போகிறேன். எங்களுக்கு உரிமை இருக்கிறதா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

வழக்கறிஞர் பதில்:

வணக்கம். முதலில் ஒரு சின்ன விஷயம். கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் மனைவி. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பெரும்பாலான சங்கங்களில் உறுப்பினர். உறுப்பினர் அல்லாதவர் எழுதினால், கமிட்டியில் யாராவது ஒருவர் “மனுவே செல்லாது” என்று சொல்லி அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவிட முடியும். பெருநாள் அடுத்த மாதம் வரை காத்திருக்காது. மனைவி கையெழுத்திடட்டும், மற்ற எட்டு வீடுகளிலும் உரிமையாளர்கள் யாரோ அவர்கள் கீழே சேர்ந்து கையெழுத்திடட்டும். வாடகைக்கு இருப்பவர்கள் இருந்தால் தங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் தனியாக எழுதி, வாடகைதாரர் என்று குறிப்பிடலாம்.

உரிமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் பலரும் தவறான கதவைத் தட்டுகிறார்கள். கோபத்தில் எழுதும் கடிதங்களில் முதல் வரியிலேயே அரசியல் சாசனம் வந்துவிடுகிறது, மத சுதந்திரம், சமத்துவம் என்று. அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசை நோக்கிக் கேட்க வேண்டியவை. உங்கள் சங்கம் உறுப்பினர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட ஓர் அமைப்பு. அகமதாபாத்தின் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட சங்கத்தின் பைலாவை உறுப்பினர்களுக்கு இடையிலான ஓர் ஒப்பந்தம் போலத்தான் பார்த்தது. ஆகவே உங்கள் பலம் சாசனப் பிரிவுகளில் இல்லை. அது உங்கள் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது.

பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வீட்டோடு சேர்த்து மனையில் ‘பிரிக்கப்படாத பாகம்’ இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, ஹால் எல்லாவற்றையும் பொதுவில் அனுபவிக்கும் உரிமையும் அதில் இருக்கும். பொது இடங்களை அவை எதற்காக இருக்கின்றனவோ அதற்கு, மற்ற உரிமையாளர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், ஒவ்வொரு உரிமையாளரும் பயன்படுத்தலாம் என்பதுதான் அடுக்குமாடிச் சட்டங்களின் பொதுவான நெறி. விழாக்கள், கூட்டங்கள், பிறந்தநாள்கள் நடக்கிற ஹால் ஒன்றில் நாற்பது பேர் ஒரு மணி நேரம் கூடித் தொழுவது அந்த ஹாலின் நோக்கத்துக்குப் புறம்பானது ஆகாது. சங்கத்துக்கு ஹால் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உண்டு. நேரம், வாடகை, டெபாசிட், சுத்தம், சத்தம் எல்லாவற்றுக்கும் விதி வைக்கலாம். அந்த விதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உங்கள் கடிதம் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து, விநாயகர் சதுர்த்தியையும் ஓணத்தையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறீர்கள். கடிதத்தில் அப்படிச் செய்யாதீர்கள். நம் பக்கம் பெரும்பாலான அப்பார்ட்மென்ட்களில் விநாயகர் சதுர்த்தியைச் சங்கமே நடத்துகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தோ பராமரிப்பு நிதியிலிருந்தோ செலவு செய்வார்கள். அதை எடுத்துக்காட்டினால், “அது சங்கத்து விழாங்க, எல்லாரும் வரலாம். நீங்க கேக்கறது உங்க சொந்த நிகழ்ச்சி” என்று பதில் வரும். அந்தப் பதிலில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஓணம் அப்படி இல்லை. பாலக்காடு பக்கத்திலிருந்து வந்த சில குடும்பங்கள் சேர்ந்து ஹாலைக் கேட்டு வாங்கி, தங்களுக்குள் செலவைப் பங்கு போட்டு நடத்தியிருப்பார்கள். சில குடும்பங்கள் தங்கள் பண்டிகைக்காக ஹாலைக் கேட்பது என்ற வகையில் உங்கள் கோரிக்கையும் அதேதான். ஐயப்ப பூஜை, யுகாதி என்று அப்படி நடந்தவை வேறு இருந்தால் அவையும் சேரும். அவற்றுக்கு என்ன வாடகை வாங்கினார்கள், எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள், யார் அனுமதித்தார்கள் என்று மேனேஜரிடமோ பொருளாளரிடமோ நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகத்தில் இருக்கும்.

கடிதம் எழுதும் முன் உங்கள் பக்கம் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைத் தவறவிட்டதால் ஓர் அனுமதி வீணாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். யார் தொழவைப்பார் என்பது முடிவாக வேண்டும். பெருநாள் காலையில் எல்லா இமாம்களும் அவரவர் பள்ளியில் இருப்பார்கள். அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் ஏழரை மணிக்குத் தொழுகை என்று எழுதி அனுமதி வாங்கினார்கள். வருவதாகச் சொன்ன ஹஜ்ரத் தன் பள்ளியில் தொழுகையை முடித்து, நெரிசலில் வந்து சேர ஒன்பது மணி ஆனது. பத்து மணிக்கு ஹாலில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு ஜோடனை செய்ய ஆட்கள் வந்து நின்றார்கள். அடுத்த வருஷம் அந்தச் சங்கம் தயங்கியதற்கு மதம் காரணமில்லை, அந்த ஒன்றரை மணி நேரத் தாமதம்தான் காரணம். உங்கள் குடும்பங்களிலேயே தொழவைக்கத் தகுதியுள்ளவர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் வருபவரிடம் நேரத்தை உறுதி செய்துவிட்டு, அந்த நேரத்தைக் கடிதத்தில் எழுதுங்கள். அடுக்குமாடி ஹாலில் பெருநாள் தொழுகை நடத்துவது மார்க்கப்படி சரியா, எத்தனை பேர் வேண்டும் என்பதையும் உங்கள் ஜமாஅத்தில் கேட்டுவிடுங்கள். அதை நான் சொல்லக் கூடாது. ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் யாராவது “இதெல்லாம் பள்ளிவாசல்லதானே தொழுகணும்” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இனி தேதி. ஹால் புக்கிங் பாரத்தில் ஒரே ஒரு தேதிக்குத்தான் கட்டம் இருக்கும். உங்கள் பண்டிகையோ பிறை தெரிந்தால் 29 நோன்பு முடிந்து வரும், இல்லையென்றால் 30 முடிந்து வரும். தமிழ்நாட்டில் அரசின் தலைமை காஜி அறிவிப்பது முந்தைய நாள் மாலையில்தான். இதைத் தெரியாத செயலாளர், “தேதி கூடத் தெரியாம எப்படிங்க ஹால் கொடுக்கறது?” என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம். அடுத்தடுத்த இரண்டு நாள் காலையையும் கேளுங்கள். பிறை அறிவிப்பு வந்த இரவே எந்த நாள் என்று தெரிவித்து, மற்ற நாளை விட்டுக்கொடுப்பதாக எழுதுங்கள். ஒவ்வொரு காலையும் மூன்று மணி நேரம்தான். அன்று மதியமோ மாலையோ யாருக்காவது ஹால் வேண்டுமென்றால் தடையில்லை என்றும் சேர்த்துவிட்டால், பிறந்தநாளுக்கு ஹால் கேட்டிருக்கும் அடுத்த வீட்டுக்காரர் உங்கள் எதிரணியில் போய் நிற்க மாட்டார். மற்றபடி தேவைப்படாத நாளுக்கு வாடகை வாங்காமல் இருப்பது கமிட்டியின் விருப்பம். கேட்டுப் பாருங்கள், பிடிவாதம் வேண்டாம்.

எத்தனை பேர் என்பதையும் கணக்குப் பார்த்தே எழுத வேண்டும். தொழுபவர் ஒருவருக்குச் சுமார் இரண்டடி அகலமும் நான்கடி நீளமும் வேண்டும், அதாவது எட்டு சதுர அடி. உங்கள் ஹால் முப்பதுக்கு இருபது என்று வைத்துக்கொள்வோம், 600 சதுர அடி. நாற்பது பேருக்கு 320 போதும் என்று தோன்றும். ஆனால் கோவையிலிருந்து கிப்லா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறக்குறைய 20 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. ஹால் சுவர்கள் நேர்த்திசையில் இருந்தால் பாய்களைச் சாய்வாகத்தான் விரிக்க வேண்டும், நான்கு மூலைகளிலும் இடம் வீணாகும். முன்னால் இமாமுக்கு ஓரிடம், பெண்களுக்குத் தனி வரிசையும் நடுவில் ஒரு திரையும், வீல்சேரும் நாற்காலியும் போட ஓரத்தில் இடம், எல்லாம் கழித்தால் நாற்பது பேர் என்பது அந்த ஹாலுக்கு நிறைவான எண்ணிக்கை. ஒரு நாள் மாலை அளவு நாடாவோடு போய், கமிட்டி ஆள் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு அளந்துவிடுங்கள். டேபிள் டென்னிஸ் மேஜையை நகர்த்த வேண்டுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். விரிப்புகள் உங்களுடையதாக இருக்கட்டும். நம் பவானி ஜமக்காளம் நான்கைந்து இருந்தால் தரை மூடிவிடும், மேலே அவரவர் தொழுகை விரிப்பு.

அளக்கப் போகும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஹால்களில் ஒரு சுவரில் பிள்ளையார் படமோ லட்சுமி படமோ மாட்டியிருக்கும். அது நீங்கள் நோக்கித் தொழ வேண்டிய சுவராக இருந்தால் என்ன செய்வது? படத்தைக் கழற்றச் சொல்லியோ துணி போட்டு மூடச் சொல்லியோ கேட்காதீர்கள். நல்ல மனதோடு இருப்பவர்களையும் அந்த ஒரு வேண்டுகோள் காயப்படுத்திவிடும். தொழுபவருக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்துக்கொள்ளும் வழக்கம் உங்களிடமே இருக்கிறது, சுத்ரா என்பீர்கள். சுவரிலிருந்து சில அடி தள்ளி, ஒன்றும் எழுதாத மடக்குத் திரை ஒன்றை நிறுத்திக்கொள்வது போதுமா என்று ஹஜ்ரத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். படம் அதன் இடத்தில் அப்படியே இருக்கும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதும் இல்லை.

சத்தம் பற்றி ஒரு வரி அவசியம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அதே ஆண்டு சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் குடியிருப்பு நலச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வைத்துப் பிரார்த்தனை செய்ய எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. நாற்பது பேருக்கு மைக்கே தேவையில்லை, குரலே போதும். பெருநாள் மார்ச்சில் வருகிற இந்த ஆண்டுகளில் அது பொதுத்தேர்வுக் காலம் வேறு. எந்த வீட்டிலோ ஒரு பிள்ளை அன்று காலை அடுத்த தேர்வுக்காகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும். ‘மைக் இல்லை’ என்ற இரண்டு சொற்கள் அந்தப் பிள்ளையின் அம்மாவை உங்கள் பக்கம் கொண்டுவரும்.

ஆனால் இங்கே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் கேட்காத நிபந்தனையை நீங்களாகவே எழுதிக் கொடுக்க வேண்டாம். “எங்கள் நடத்தைக்கு நாங்கள் பொறுப்பு, எந்த அசம்பாவிதமும் நடக்காது” என்றெல்லாம் உறுதிமொழி எழுதுகிறார்கள். ஓணம் நடத்தியவர் அப்படி எழுதவில்லையே. மைக் வேண்டாம் என்பது உங்கள் தேவைக்கு ஏற்றது, அதனால் எழுதுகிறீர்கள். நல்லவர்கள் என்று நிரூபிக்க எழுத வேண்டியது எதுவுமில்லை.

வெளியாட்கள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குடியிருப்பவர்களும், தொழவைக்க வருபவரும், அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் இருக்கும் மச்சானும் சித்தப்பாவும் வருகிறேன் என்பார்கள். அவர்களைப் பிறகு வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுங்கள். காரணம் வெறும் பார்க்கிங் மட்டும் இல்லை. ஒரு கட்டடத்தைப் பொது வழிபாட்டிடமாக மாற்றுவதற்கு மாவட்ட ஆட்சியர் வரை போய் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். வருஷத்தில் ஒரு காலை குடியிருப்பவர்கள் கூடித் தொழுவது அந்த வகையில் வராது. வெளியூர் ஆட்கள் வர ஆரம்பித்தாலோ, பாயும் புத்தகமும் ஹாலிலேயே தங்கினாலோ, ஆட்சேபிப்பவர் கையில் ஒரு வாதம் கிடைத்துவிடும். இதே காரணத்துக்காக, ரம்ஜான் மாதம் முழுவதும் இரவில் தராவீஹ் தொழவும் ஹால் வேண்டும் என்று இதோடு சேர்த்துக் கேட்க வேண்டாம். அது வேறு கோரிக்கை, முப்பது இரவுகள், வேறு கஷ்டங்கள். இந்தக் கடிதம் ஒரு காலைக்கானது.

கடிதம் இப்படி இருக்கலாம். உங்கள் விவரங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பெறுநர்: செயலாளர், உரிமையாளர் சங்கம்.
பொருள்: பெருநாள் காலைத் தொழுகைக்குப் பொது ஹால் கேட்பது தொடர்பாக.

ஐயா,
நான் எங்கள் சங்கத்தின் உறுப்பினர், வீட்டு எண் … . நம் வளாகத்தில் குடியிருக்கும் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து ரம்ஜான் பெருநாள் தொழுகைக்காகப் பொது ஹாலைக் கேட்கிறோம். இவர்களில் நான்கு வீட்டுப் பெரியவர்கள் நடக்க இயலாததால் வெளியே போய்த் தொழ முடிவதில்லை.
பெருநாள் பிறை பார்த்து முடிவாவதால் … அல்லது … தேதியாக இருக்கும். இரண்டு நாளும் காலை 6 முதல் 9 மணி வரை ஒதுக்கித் தர வேண்டுகிறோம். எந்த நாள் என்பதை முந்தைய இரவு அறிவிப்பு வந்தவுடன் தெரிவித்து, மற்ற நாளை விட்டுக்கொடுக்கிறோம். தொழுகை 7.30-க்குத் தொடங்கி, உரையும் சேர்த்து 8.15-க்குள் முடியும். 9 மணிக்குச் சாவியை ஒப்படைப்போம்.
கலந்துகொள்பவர்கள் இங்கே குடியிருக்கும் நாற்பது பேர். தொழவைப்பவர் ஒருவர் மட்டும் வெளியிலிருந்து வருவார். அவர் பெயரும் வண்டி எண்ணும் முதல் நாளே செக்யூரிட்டியிடம் கொடுக்கப்படும். மைக் பயன்படுத்த மாட்டோம். ஹாலில் சமையல் இல்லை. விரிப்புகளை நாங்களே கொண்டுவந்து எடுத்துச் செல்வோம்.
குடும்பங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குச் சங்கம் வாங்கும் வாடகையையும் டெபாசிட்டையும் செலுத்துகிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை வைத்து, முடிவை எழுத்தில் தர வேண்டுகிறோம்.
இப்படிக்கு … (வீட்டு எண்களுடன் ஒன்பது கையெழுத்துகள்)

இதில் ஓணத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று நினைப்பீர்கள். ‘குடும்பங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு வாங்கும் வாடகை’ என்ற இடத்தில் அது இருக்கிறது. படிப்பவர் தானே புரிந்துகொள்வார். முதல் கடிதத்திலேயே ‘அவர்களுக்குக் கொடுத்தீர்கள், எங்களுக்கு ஏன் இல்லை’ என்று எழுதினால், ஓணம் கொண்டாடும் குடும்பங்கள் தங்களைக் குற்றம் சாட்டுவதாக நினைக்கும். உங்களுக்கு வேண்டிய முதல் நண்பர்கள் அவர்கள்தான்.

கடிதத்தைப் பெருநாளுக்கு 45 நாள் முன்னால் கொடுங்கள். கமிட்டி மாதம் ஒரு முறைதான் கூடும். ஒரு கூட்டம் தள்ளிப்போனாலும் இன்னொன்று மிச்சம் இருக்கும். நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்தும் சங்க முத்திரையும் வாங்குங்கள். கூடவே சங்கத்தின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

போன வருஷம் எங்கே சறுக்கியது என்றால், செயலாளரின் வாய்வார்த்தையை அனுமதி என்று நம்பியதில். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அந்த அதிகாரம் அவருடையது இல்லை, கமிட்டியுடையது. அதைத் தட்டிக் கழித்த வாட்ஸ்அப் ஓட்டுக்கும் அதே குறைதான். 84 வீடுகளில் எத்தனை பேர் அந்த ராத்திரி போனைப் பார்த்தார்கள், ஓட்டுப் போட்டவர்களில் உறுப்பினர் யார், வாடகைதாரர் யார், ஒரே வீட்டிலிருந்து எத்தனை ஓட்டு என்று யாருக்கும் தெரியாது. முறையாக அறிவித்த கூட்டத்தில், போதிய உறுப்பினர்கள் இருந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டால்தான் அது முடிவு. ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது தீர்மானத்தின் நகல். அதில் உங்கள் நிகழ்ச்சியின் பெயரை மட்டும் போட்டு அனுமதிப்பதை விட, ‘குடியிருப்போர் நடத்தும் பண்டிகை, வழிபாட்டு நிகழ்ச்சிகளுக்கு இன்ன நேரம், இன்ன வாடகை, மைக் இல்லை, வெளியாட்கள் இத்தனை பேர் வரை என்ற விதிகளின்படி ஹால் தரப்படும், அதன்படி இந்த மனு ஏற்கப்படுகிறது’ என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். திருப்பூரில் ஒரு குடியிருப்புக்கு நான் அரைப்பக்கத்தில் இப்படி ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அங்கே கிறிஸ்துமஸ் பாடல் மாலைக்கும், திருவாசக முற்றோதலுக்கும், வட இந்தியக் குடும்பங்களின் பூஜைக்கும் ஒரே பாரம்தான். மதத்தைப் பற்றிக் கமிட்டி விவாதிக்க வேண்டிய நிலைமையே வரவில்லை.

கமிட்டி கூடும் முன்பு, போன வருஷம் ஆட்சேபித்தவர் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். தனியாக வேண்டாம், உங்கள் மாடியில் அவருக்கும் வேண்டியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய கவலை என்ன என்று கேளுங்கள். பார்க்கிங்காக இருக்கலாம், ‘இன்னைக்கு ஒரு நாள், நாளைக்குத் தினமும்’ என்ற பயமாக இருக்கலாம். முடிந்தால் அம்மாவும் உடன் வரட்டும். வீல்சேரில் வந்திருக்கும் ஒரு பெரியம்மாவிடம் பேசும்போது நம் ஊர் மனிதர்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள். அப்படியும் அவர் மனம் மாறாமல் இருக்கலாம், அது அவர் உரிமை. முதல் நாள் ராத்திரி குழுவில் வெடிக்க வேண்டியது கமிட்டி கூடும் முன்பே வெளியே வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ‘எந்த மத நிகழ்ச்சிக்கும் ஹால் கிடையாது’ என்று பைலாவிலோ பழைய தீர்மானத்திலோ இருந்து, அதை எல்லாருக்கும் அப்படியே நடைமுறைப்படுத்துகிறார்கள் என்றால், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நீங்கள் ஓணத்தைச் சொல்லியிருப்பதால் அங்கே அப்படி இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் மனு வந்த பிறகு அவசரமாக அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தால், சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லலாம். எத்தனை உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் கூட்ட வேண்டும் என்று பைலாவில் இருக்கும். சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவானதாக இருந்தால், அதன் 36-ஆம் பிரிவின்படி விசாரிக்கச் சொல்லிப் பதிவாளரிடம் போக வழி உண்டு. ஆனால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்க வேண்டும். 84 பேரில் 28 பேர். நீங்கள் ஒன்பது. மீதிப் பத்தொன்பது கையெழுத்தும் மற்ற மதத்தைச் சேர்ந்த அண்டை வீட்டாரிடமிருந்துதான் வர வேண்டும். அந்தப் பத்தொன்பது பேர் உங்களுக்குக் கையெழுத்திடத் தயாராக இருக்கிற குடியிருப்பில் பெரும்பாலும் பதிவாளர் வரை போகத் தேவையிருக்காது. சிவில் நீதிமன்றமும் இருக்கிறது, ஆனால் பெருநாளுக்குள் உத்தரவு வாங்கிவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். இந்த வருஷம் கிடைக்கவில்லையென்றால், பெரிய கூடம் உள்ள ஒருவர் வீட்டில் பெரியவர்களை மட்டும் கூட்டித் தொழலாமா என்று ஜமாஅத்தில் கேளுங்கள். சொந்த வீட்டுக்குள் குடும்பங்கள் கூடித் தொழுவதற்குச் சங்கத்தின் அனுமதி தேவையில்லை.

கிடைத்துவிட்டால் அன்று காலை செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஒளுவை வீட்டிலேயே செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஹாலை ஒட்டிய ஒற்றைக் குழாயில் நாற்பது பேர் கை கால் கழுவினால் டைல்ஸ் தரை வழுக்கும், பெரியவர்கள் விழுவார்கள். செருப்புகளை லிஃப்ட் வாசலில் குவிக்காமல் ஓரமாக வரிசையில் வைக்க இரண்டு பையன்களை நிறுத்துங்கள். முடிந்ததும் கூட்டித் துடைத்து, மேஜையைப் பழைய இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டு, சாவியைக் கொடுத்து டெபாசிட் ரசீதில் ‘ஹால் நல்ல நிலையில் திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரசீதையும் தீர்மான நகலையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்த வருஷம் கமிட்டி மாறியிருக்கலாம், செயலாளரும் மாறியிருக்கலாம். அப்போது மனுவோடு இணைக்க அந்த உறை வேண்டும்.